ட்ரை வால்யூம், வெட் வால்யூம்: 1.54 எங்கேருந்து வருது?

காங்கிரீட்டுக்கு எஸ்டிமேட் போடுற எல்லாரும் ஒரு கட்டத்துல வெட் வால்யூமை 1.54-ஆல பெருக்கி ட்ரை வால்யூம் எடுப்பாங்க. ஏன்னு கேட்டா பாதி பேர் "சேதாரம்"னு சொல்லுவாங்க, இன்னும் சில பேர் "காஞ்சா சுருங்கும்ல, அதுக்கு"ன்னு சொல்லுவாங்க. ரெண்டுமே தப்பு. தப்பு வர்றதுக்கு முக்கியமான காரணம் அந்த "ட்ரை"ங்கற சொல்லுதான்னு எனக்குத் தோணுது, அதனால முதல்ல சொல்லைப் பாத்துடலாம்.

ட்ரைன்னா காஞ்சதுன்னு நமக்குப் பழக்கம். துணி முதல்ல ஈரமா இருக்கும், அப்புறம் காயும். அதே மாதிரி காங்கிரீட்டும் முதல்ல வெட், செட் ஆன பிறகு ட்ரைன்னு மனசு தானா வரிசை போட்டுக்குது. ஆனா இங்க வரிசை தலைகீழ். ட்ரை வால்யூம்னா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி சிமெண்ட், மணல், ஜல்லி மூணையும் தனித்தனியா பெட்டியில அளந்து அந்த அளவுகளைக் கூட்டினா வர்றது. வெட் வால்யூம்னா தண்ணி ஊத்திக் கலந்து, சென்ட்ரிங்ல கொட்டி, வைப்ரேட்டர் போட்டு இறுக்கின பிறகு அது பிடிக்கிற இடம். காங்கிரீட் காய்ஞ்சு கெட்டியானதும் இருக்கிற அளவுக்கும் ட்ரை வால்யூமுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. 5 இன்ச் தளம் போட்டா கெட்டியான பிறகும் அது 5 இன்ச்தான், காயும்போது வர்ற சுருக்கம் கண்ணுக்கே தெரியாத அளவு, அதுக்காக யாரும் ஒன்றரை மடங்கு சரக்கு வாங்கறதில்ல.

தமிழ்ல இதை "உலர் கன அளவு", "ஈரக் கன அளவு"ன்னு எழுதறாங்க. இலங்கையில வால்யூமுக்கு கனவளவுன்னு ஒரே சொல்லா எழுதுவாங்க, பருமன்னும் ஒரு சொல் இருக்கு. பருத்தல்ங்கற வினையிலேருந்து வந்த பருமன் இந்த இடத்துக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், ஏன்னா ஒரு பொருள் எவ்வளவு பருத்து நிக்குதுங்கறதுதான் இங்க விஷயமே. (வால்யூம் லத்தீன்ல சுருட்டி வைக்கிற ஏட்டுச் சுருளைக் குறிச்ச சொல், அப்புறம் புத்தகத்தோட பெருசு, அப்புறம் எதோட பெருசும்னு பரவிடுச்சு.) சிக்கல் "உலர்"லதான் இருக்கு. உலர் பருமன்கறது வினைத்தொகை, வினைத்தொகை காலம் காட்டாது, அதனால படிக்கறவங்க அதை "உலர்ந்த பிறகு இருக்கிற பருமன்"னு விரிச்சுக்கிறாங்க. சைட்ல பேசும்போது நான் "சரக்கு அளவு", "கலவை அளவு"ன்னுதான் சொல்றேன், ஒரு தடவைகூட யாரும் குழம்பினதில்ல.

கான்கிரீட்டும் லத்தீன்தான். கூடங்கற பொருள்ல ஒரு முன்னொட்டு, வளர்றதுங்கற பொருள்ல ஒரு வினை, ரெண்டும் சேர்ந்து "ஒண்ணோட ஒண்ணு கூடி வளர்ந்தது". தமிழ்ல கற்காரைன்னு சொல்றோம். காரைன்னா சுண்ணாம்புச் சாந்து, அதுல கல் சேர்ந்தா கற்காரை. பொருளா பாத்தா இந்தத் தமிழ்ச் சொல்லே கணக்கோட பாதியைச் சொல்லிடுது, கல்லுக்கு நடுவுல காரை போய் உக்காருது, கல்லுக்கு மேல தனியா நிக்கறதில்ல.

இதை நேர்ல பாக்கணும்னா 10 லிட்டர் வாளி ஒண்ணு எடுத்துக்கோங்க. முக்கால் இன்ச் ஜல்லியை விளிம்பு வரைக்கும் நிரப்பி கையால தட்டி சமப்படுத்துங்க. பாக்கறதுக்கு வாளி நிறைஞ்சு போச்சு. இப்போ லிட்டர் கணக்குல தண்ணி ஊத்திட்டே வாங்க, ஜல்லி நடுவுல குமிழி விட்டு இறங்கிட்டே இருக்கும், கிட்டத்தட்ட நாலரை லிட்டர் உள்ள போன பிறகுதான் விளிம்புல தண்ணி தெரியும். அதாவது நிறைஞ்ச வாளின்னு நாம காசு குடுத்து வாங்கினதுல கல்லு அஞ்சரை லிட்டர்தான், மீதி காத்து. மணலும் இப்படித்தான், அதுல ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். சிமெண்ட் மூட்டையிலயே பாதிக்கு மேல காத்துன்னா நம்ப மாட்டீங்க, ஆனா உண்மை. ஒரு லிட்டர் டப்பாவுல சிமெண்ட் கொட்டினா 1.44 கிலோதான் பிடிக்கும், காத்தே இல்லாம இறுக்க முடிஞ்சா 3.15 கிலோ பிடிக்கணும்.

இப்போ பழைய 1:2:4 கலவைக்கு ஒரு கணக்கு போடுவோம், எல்லாம் லிட்டர்ல. சிமெண்ட் 220, மணல் 440, ஜல்லி 880, கூட்டினா 1540. இதுல நிஜமான கெட்டிப் பொருள் எவ்வளவுன்னு பாத்தா சிமெண்ட்ல 100, மணல்ல 266, ஜல்லியில 473, சுமாரா 840 லிட்டர். மீதி 700 லிட்டரும் காத்து. கலக்கும்போது ஜல்லி சந்துல மணல் போகுது, மணல் சந்துல சிமெண்ட்டும் தண்ணியும் சேர்ந்த பசை போகுது, காத்து வெளிய வருது. தண்ணி ஒரு 160 லிட்டர். 840-ம் 160-ம் சேர்ந்தா 1000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர் காங்கிரீட். 1540 போட்டு 1000 எடுத்தோம். 1.54 இதுதான். சரக்கு எங்கயும் சிந்தல, 700 லிட்டர் காத்து போய் அந்த இடத்துல 160 லிட்டர் தண்ணி வந்திருக்கு, அவ்வளவுதான்.

மிக்சர் பக்கத்துல நின்னு பாத்தாலும் இது புரியும். ஒரு பெட்டி சிமெண்ட், ரெண்டு பெட்டி மணல், நாலு பெட்டி ஜல்லின்னு ஏழு பெட்டி உள்ள போகும், வெளிய வர்ற கலவையை இறுக்கி அளந்தா நாலரை பெட்டிதான் இருக்கும். ஜல்லி மட்டுமே நாலு பெட்டி, அதைவிட அரைப் பெட்டிதான் கூட.

இன்னொரு விஷயம், "54 சதவீதம் குறையும்"னு சொல்றதும் தப்பு. கலவைக்கு மேல 54 சதவீதம் சரக்கு கூட வேணும்னு சொல்லணும். சரக்குலேருந்து பாத்தா குறையறது 35 சதவீதம்தான், 0.54-ஐ 1.54-ஆல வகுத்துப் பாருங்க.

இந்த எண் கல்லுல செதுக்கினதில்ல. 1.52 போடறவங்க இருக்காங்க, 1.57 போடறவங்களும் இருக்காங்க. ஜல்லி பெருசும் சிறுசும் நல்லா கலந்து வந்தா சந்து குறையும், எண்ணும் குறையும். ஒரே அளவு ஜல்லியா வந்தா கூடும். சிமெண்ட் அதிகமா இருக்கிற கலவையில பசை அதிகம், அதனால 1.54 கொஞ்சம் தாராளமாவே இருக்கும். பூச்சு வேலைக்கு ஜல்லியே கிடையாது, அதனால அங்க 1.33 போதும்.

சரி, ஒரு தளத்துக்கு போட்டுப் பாப்போம். 20-க்கு 15 அடி, 5 இன்ச் கனம். 300 சதுர அடியை 5 இன்ச்சால பெருக்கினா 125 கன அடி, இது கலவை அளவு. 1.54-ஆல பெருக்கினா சரக்கு அளவு 192.5. கலவை 1:1.5:3, மொத்தம் அஞ்சரை பங்கு, ஒரு பங்கு 35 கன அடி. ஆக சிமெண்ட் 35, மணல் 52.5, ஜல்லி 105 கன அடி. 50 கிலோ மூட்டை 1.225 கன அடி, அதனால 28.6 மூட்டை, 29 வாங்கணும். ஜல்லி ஒரு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, மணல் அரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. பசை அதிகமான கலவைங்கறதால இதுல லேசா மிச்சம் வரும், சிந்தறதுக்கும் சென்ட்ரிங் தொய்வுக்கும் அது சரியாப் போயிடும். சேதாரம்னு தனியா வைக்கணும்னு நினைக்கறவங்க 1.54-க்கு மேல வைக்கணும், அதுக்குள்ளயே இருக்குன்னு நினைக்கக் கூடாது.

மணல் விஷயத்துல மட்டும் இன்னொரு இடத்துல ஏமாறுவோம். மேல போட்ட கணக்கு காஞ்ச மணலுக்கு. லேசா ஈரமான மணல் உப்பிக்கும், ஒவ்வொரு மணியையும் சுத்தி ஒரு தண்ணிப் படலம் நின்னு பக்கத்து மணியைத் தள்ளி வைக்குது. 5 சதவீத ஈரத்துல கால் பங்கு வரைக்கும்கூட உப்பும். நல்லா நனைஞ்சு தண்ணி நிக்கற மணல் திரும்பவும் அடங்கிடும், அதனால அரைகுறை ஈரம்தான் ஆபத்து. கண்டுபிடிக்கறது சுலபம்: ஒரு டப்பாவுல ஈர மணலைத் தளர்வா 20 சென்டிமீட்டர் உயரம் போடுங்க, தண்ணி ஊத்தி முழுக்க நனைச்சு கம்பியால குத்தி அடங்க விடுங்க. 16-க்கு இறங்கினா, 4-ஐ 16-ஆல வகுத்து 25 சதவீதம் உப்பல். அப்போ 52.5 கன அடிக்கு பதிலா 65 கன அடிக்கு மேல அளக்கணும். இதைச் செய்யாம பெட்டி கணக்கை அப்படியே போட்டா கலவையில மணல் குறைஞ்சுடும், சந்து நிரம்பாது, சென்ட்ரிங் பிரிச்சதும் தளத்தோட அடியில ஜல்லி ஜல்லியா தேன்கூடு மாதிரி தெரியும். ஈர மணலா இருந்தா தண்ணியையும் கொஞ்சம் குறைக்கணும், மணல்லயே ஏற்கனவே தண்ணி இருக்கு.

1.54 செல்லுபடியாகிற இடம் பெட்டியில அளந்து போடற நாமினல் மிக்ஸ் மட்டும்தான். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ல நாமினல் மிக்ஸ் எம் 20 கிரேடு வரைக்கும்தான் இருக்கு. அதுக்கு மேல டிசைன் மிக்ஸ், அங்க எல்லாமே எடைக் கணக்கு, காத்தைக் கழிச்ச பருமனை வச்சே ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோன்னு வந்துடும், பெருக்க ஒண்ணும் இல்ல.

ரெடி மிக்ஸ் வாங்கறவங்களும் பெருக்கவே கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுக்காரர் இதே அளவு தளத்துக்கு 3.54 கன மீட்டரை 1.54-ஆல பெருக்கி அஞ்சரை கன மீட்டர் சொல்லிட்டார். தளம் நிறைஞ்ச பிறகும் லாரியில ரெண்டு கன மீட்டர் கிட்ட மிச்சம், கெட்டியாகறதுக்குள்ள எங்கயாவது கொட்டியாகணும், கடைசியில கார் நிறுத்தற இடத்துல கொட்டி அவசர அவசரமா இழுத்து விட்டாங்க. பிளாண்ட்காரங்க விக்கறது கலவை அளவு, காத்து அங்கயே போயிடுச்சு. அவர் 3.54-க்கு கொஞ்சம் கூட்டி 3.75 கன மீட்டர்னு சொல்லியிருந்தா போதும்.