0.004 வந்துவிட்டால் போதுமா?

மருத்துவ ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் வந்தால் என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு ஒரே கதைதான். மருந்து வேலை செய்கிறதா என்று தீர்மானிக்க வைத்த முதன்மை விளைவு தோற்றிருக்கும். அடுத்த அட்டவணையில் வயது, பாலினம், சர்க்கரை நோய், நோயின் தீவிரம் என்று நோயாளிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். மருந்துக்கு வேலையே இல்லாவிட்டாலும் இவ்வளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்வது பி மதிப்பு. எங்கோ ஓரிடத்தில் அது வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே 0.03 என்று வந்திருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். முடிவுரை முழுக்க அந்த நட்சத்திரத்தைப் பற்றித்தான். இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் கேள்வி கேட்டால் வரும் பதில்தான் என்னைப் படுத்துகிறது: "சார், பான்ஃபெரோனி போட்டுட்டோமே!"

0.05 என்ற எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் பான்ஃபெரோனி திருத்தம். எத்தனையால் வகுத்தீர்கள்? அட்டவணையில் மிஞ்சிய 6 வரிகளால். பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட வரிகள் எத்தனை? அது யாருக்கும் நினைவில்லை.

அடிப்படைக் கணக்கு உங்களுக்குத் தெரியும். மருந்துக்கு எந்த வேலையும் இல்லை என்றாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால் ஒன்றாவது 0.05க்குக் கீழே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. நம் விளைவுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அதனால் அவ்வளவு இருக்காது என்பார்கள். சரி, கொஞ்சம் குறையும். 5 சதவீதத்துக்கு இறங்காது. இந்தப் பிழையைக் கட்டுப்படுத்தத்தான் 0.05ஐ சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். அந்த எண்ணிக்கை பொய்யானால் வகுத்ததும் பொய்தான். பான்ஃபெரோனி என்பது பூஜை முடிந்தபின் தெளிக்கிற தீர்த்தம் இல்லை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் இன்டர்மியூன் நிறுவனத்தின் ஆய்வு. நுரையீரல் காரணமே தெரியாமல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்க்கு இன்டர்ஃபெரான் காமா ஊசியைச் சோதித்தார்கள். 330 பேர் சேர்ந்தார்கள். முதன்மை விளைவு, நோய் முற்றாமலும் மரணம் நேராமலும் இருந்த காலம். அதன் பி மதிப்பு 0.52. தோல்வி. மொத்த மரணங்களைப் பார்த்தால் மருந்துக் குழுவில் 162 பேரில் 16, போலி மருந்துக் குழுவில் 168 பேரில் 28. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் பி மதிப்பும் 0.05ஐத் தாண்டி 0.084.

அப்புறம் தொடங்கியது தோண்டல். நோய் லேசாக இருந்தவர்கள், நடுத்தரமாக இருந்தவர்கள், தீவிரமாக இருந்தவர்கள் என்று முடிவுகள் கையில் வந்த பிறகு பிரித்தார்கள். லேசும் நடுத்தரமும் சேர்ந்த குழுவில் மரணம் 70 சதவீதம் குறைவு, பி மதிப்பு 0.004 என்று வந்தது. 2002 ஆகஸ்டில் வந்த செய்தி அறிக்கையின் தலைப்பே மருந்து உயிர்வாழ்வை நீட்டிப்பதாகச் சொன்னது.

இங்கே கவனியுங்கள். முன்கூட்டி அறிவித்த முதன்மை, இரண்டாம் நிலை விளைவுகள் மொத்தம் 10 என்று வைத்துக்கொண்டு பான்ஃபெரோனி போட்டால் எல்லை 0.005. 0.004 அதைத் தாண்டிவிடுகிறது! "சார், போட்டுட்டோமே" என்பவருக்கு இது வெற்றி. ஆனால் அந்த 0.004 அந்தப் பத்தில் ஒன்றே இல்லை. அது பதினோராவதா, முப்பதாவதா? தீவிரத்தை வேறு எந்த எல்லைகளில் வெட்டியிருக்கலாம்? வயதில் 0.004 வந்திருந்தால் அதைத் தலைப்பாக்கியிருக்க மாட்டார்களா? கிடைக்கும் வரை தேடுகிறவருக்கு வகுக்கும் எண் இத்தனை என்று சொல்லவே முடியாது. வகுக்கும் எண் இல்லாத இடத்தில் திருத்தம் என்று ஒன்று கிடையாது. பி மதிப்பை எவ்வளவு சிறிதாக்கிக் காட்டினாலும் சரி.

நிறுவனம் ஒரு நல்ல காரியமும் செய்தது. அதே வகை நோயாளிகளை, லேசு முதல் நடுத்தரம் வரை, 826 பேரைச் சேர்த்து, உயிர்வாழ்வதையே முதன்மை விளைவாக வைத்துப் புதிய ஆய்வு நடத்தியது. பலன் இல்லை என்று 2007இல் நிறுத்தினார்கள். மருந்துக் குழுவில் இறந்தவர்கள் 15 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 13 சதவீதம். அந்த 70 சதவீதம் எங்கே போனது? அது முதலிலேயே இல்லை. பழைய செய்தி அறிக்கைக்காக நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி 2009இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானார், பின்னாளில் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. அந்த அறிக்கையில் எண்கள் பொய்யில்லை என்பதுதான் அந்த வழக்கின் விசித்திரம்.

உண்மையிலேயே முன்கூட்டி எழுதிய பட்டியல் உங்களிடம் இருந்தால், பான்ஃபெரோனியை விடக் கஞ்சத்தனம் குறைந்த வழி இருக்கிறது. ஐந்து விளைவுகளின் பி மதிப்புகள் 0.004, 0.011, 0.021, 0.040, 0.300 என்று வைத்துக்கொள்வோம். பான்ஃபெரோனியில் எல்லோருக்கும் எல்லை 0.01, முதலாவது மட்டும் தேறும். ஹோல்ம் முறையில் சிறியதிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். முதலாவதை 0.05/5, அதாவது 0.01 உடன் ஒப்பிடுங்கள்: தேறியது. இரண்டாவதை 0.05/4, 0.0125 உடன்: தேறியது. மூன்றாவதை 0.05/3, சுமார் 0.0167 உடன்: 0.021 தேறவில்லை. அங்கேயே நிறுத்துங்கள். 0.040ஐ எடுத்துப் பார்க்கவே கூடாது. பிழைக் கட்டுப்பாடு அதே அளவு, கிடைப்பது ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஆர் மென்பொருளில் ஒரே வரி:

```
p.adjust(c(0.004, 0.011, 0.021, 0.040, 0.300), method = "holm")
```

0.020, 0.044, 0.063, 0.080, 0.300 என்று வரும். இவற்றை நேராக 0.05 உடன் ஒப்பிடலாம். ஹோல்ம் இருக்கையில் பான்ஃபெரோனியை ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

உட்குழுக்கள் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "பெண்களில் 0.03, ஆண்களில் 0.20, ஆகவே மருந்து பெண்களுக்குத்தான் வேலை செய்கிறது" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. இரண்டு பி மதிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது ஒப்பீடு ஆகாது. பெண்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தாலே போதும், பலன் இருபாலருக்கும் ஒன்றாக இருந்தும் பெண்களுக்கு மட்டும் நட்சத்திரம் விழும். கேட்க வேண்டிய கேள்வி, இரு குழுக்களின் பலனுக்கும் இடையிலான வித்தியாசம் உண்மையா என்பது. மருந்தையும் பாலினத்தையும் ஒரே புள்ளியியல் மாதிரியில் வைத்து, அவற்றின் இடைவினையைச் சோதித்து, அந்த ஒரு பி மதிப்பைக் கொடுங்கள். பத்து உட்குழுப் பிரிவுகள் பார்த்தால் பத்து இடைவினைச் சோதனைகள். அவற்றுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். இந்தச் சோதனைக்குத் திறன் குறைவு, நிஜ வித்தியாசத்தையும் சில நேரம் தவறவிடும். அதற்காக அதைத் தவிர்த்துவிட முடியாது.

ஆய்வு தொடங்குமுன் முதன்மை விளைவை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலை விளைவுகளையும் உட்குழுக்களையும், வெட்டும் எல்லைகள் உட்பட, நெறிமுறைக் குழுவுக்குத் தரும் திட்டத்திலேயே எழுதித் தேதி போடுங்கள். எந்த முறையில் திருத்தப் போகிறீர்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் உள்ள முதன்மை விளைவும் ஆய்வேட்டில் உள்ளதும் வேறாக இருந்தால் நான் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவேன்.

ஏற்கெனவே தோண்டி முடித்துவிட்டு வருபவர்களுக்கும் வழி உண்டு. எத்தனை விளைவு, எத்தனை உட்குழு பார்த்தீர்கள் என்று உண்மையான எண்ணிக்கையை முறைகள் பகுதியில் எழுதுங்கள். முன்கூட்டித் திட்டமிடாதவற்றுக்குப் பி மதிப்பையும் நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டு, பலனின் அளவையும் நம்பக இடைவெளியையும் மட்டும் கொடுங்கள். தலைப்பில் "தேடல் நோக்கிலான பகுப்பாய்வு" என்று போடுங்கள். அப்படிக் கொண்டுவந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.