ஃபிளாட் தாமதமா? பில்டருக்கு ஒரு கடிதம் போதாது, இரண்டு எழுதுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஃபிளாட் வாங்கிய ஒரு பெண்மணி சென்ற ஆண்டு ஜூன் தொடக்கத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். பில்டருக்கு அனுப்ப அவரே எழுதிய நான்கு பக்கக் கடிதம் கையில் இருந்தது. "சார், இதைப் பார்த்துச் சரியா என்று சொல்லுங்கள், நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றார். மூன்று பக்கங்களில் அவர் பட்ட பாடெல்லாம் இருந்தது: வாடகையும் கட்டி, வங்கித் தவணையும் கட்டி, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போட்டது வரை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "பிரச்சினை வேண்டாம், இரண்டு லட்சம் ரூபாய் தந்தால் நான் திருப்தி அடைகிறேன்."

அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை நிறுத்திவைக்கச் சொன்னேன். அவருக்குச் சட்டப்படி வரவேண்டியது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த வரி பில்டரின் கையில் போய்விட்டால், அப்புறம் எந்தப் பேச்சும் இரண்டு லட்சத்துக்கு மேலே ஏறாது. நாளை ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்கு வந்தாலும் "இவரே இரண்டு லட்சம்தான் தன் நஷ்டம் என்று எழுதியிருக்கிறார்" என்று அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

அவர் கணக்கைப் பார்ப்போம். விலை 62 லட்சம். 54 லட்சம் கட்டியாயிற்று, கடைசித் தவணை போனது 2024 ஜனவரியில். மீதி 8 லட்சம் சாவி கொடுக்கும்போது. கட்டுமான ஒப்பந்தத்தில் சலுகைக் காலமும் சேர்த்து வீடு தரவேண்டிய கடைசி நாள் 31 மார்ச் 2024. ஆக 2025 மே மாதம் முடியும்போது 14 மாதத் தாமதம்.

ஒப்பந்தத்தில் தாமதத்துக்கென ஒரு பிரிவும் இருந்தது: மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய். 1,050 சதுர அடிக்கு மாதம் 5,250 ரூபாய். பலர் இதைப் படித்துவிட்டு, இவ்வளவுதான் கிடைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஆனால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வீட்டை வேண்டாம் என்று சொல்லாமல் காத்திருப்பவருக்கு, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி அது ஸ்டேட் வங்கி கடன் கொடுக்க வைத்திருக்கும் அடிப்படை வட்டியான எம்சிஎல்ஆர் விகிதத்துடன் 2 சதவீதம் கூட்டிய வட்டி. பில்டர் தனக்குச் சாதகமாக மட்டும் எழுதிக்கொண்ட பிரிவு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லியிருக்கிறது. கணக்குக்கு வசதியாக வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 54 லட்சத்துக்கு மாதம் 49,500 ரூபாய். 14 மாதத்துக்கு 6,93,000. வங்கி நேரடியாகப் பில்டருக்கு அனுப்பிய கடன் பணமும் நீங்கள் கட்டியதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகப் பார்க்கவேண்டும். நீங்கள் ஏதாவது தவணையைத் தாமதமாகக் கட்டியிருந்தால், அதற்குப் பில்டரும் அதே விகிதத்தில் வட்டி கேட்கலாம். உங்கள் தாமதத்தால்தான் வேலை நின்றது என்றும் வாதிடுவார்கள். அதனால் கட்டிய தேதிகளை ரசீதோடு வரிசையாக எழுதி வைத்துக்கொண்ட பிறகே பேனாவைத் தொடுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? கடிதத்தை இரண்டாகப் பிரித்தோம். முதலாவது கோரிக்கைக் கடிதம். அதில் சமரசப் பேச்சே கிடையாது. ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. நடுப்பகுதி இப்படி இருந்தது:

"கட்டுமான ஒப்பந்தத்தின்படி 31.03.2024-க்குள் தாங்கள் ஃபிளாட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். இன்றுவரை ஒப்படைக்கவில்லை. இணைப்பு 1-இல் உள்ள தேதிகளில் நான் மொத்தம் ரூ.54,00,000 செலுத்தியுள்ளேன். 31.05.2025 வரை எனக்குச் சேரவேண்டிய வட்டி ரூ.6,93,000. அதன்பின் ஒப்படைக்கும் நாள் வரை மாதம் ரூ.49,500. நிறைவுச் சான்றிதழ் எந்த நிலையில் உள்ளது, எந்தத் தேதியில் வீடு கிடைக்கும் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

பட்ட கஷ்டங்களை எடுத்துவிட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் படிக்கிற அதிகாரி மூன்று பக்கக் கண்ணீரைத் தாண்டித் தேதியைத் தேடமாட்டார். மன உளைச்சலுக்கும் வாடகைக்கும் தனியாக இழப்பீடு கேட்க விரும்பினால், அதற்கு ரெராவின் தீர்ப்பு அலுவலரிடம் வேறு மனு போடவேண்டும். இந்தக் கடிதம் அதற்கான இடமல்ல. ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி, ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு பிரதி என்று அனுப்பினோம்.

இரண்டாவது கடிதம் ஒரு வாரம் கழித்து. அதன் தலைப்பிலேயே, "சமரசத்துக்காக மட்டும். என் உரிமைகளுக்குப் பங்கமின்றி. இக்கடிதத்தை எந்த வழக்கிலும் சான்றாகக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையுடன்" என்று எழுதினோம். உரிமையியல் வழக்குகளில் இப்படி நிபந்தனை வைத்துச் சொன்னதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 21-ஆம் பிரிவு. நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான்: உரிமையைக் கேட்கும் தாளும் விட்டுக்கொடுக்கும் தாளும் ஒன்றாக இருக்கவே கூடாது.

விட்டுக்கொடுத்தது எவ்வளவு? 6,93,000-க்குப் பதில் 5,50,000. ஆனால் அதைக் கையில் பணமாகக் கேட்கவில்லை. திட்டம் இழுத்துக்கொண்டிருக்கும் பில்டரிடம் ரொக்கம் இருப்பது அபூர்வம். காசோலை தருவார், அது திரும்பி வரும். அவர் தரவேண்டியதை நாம் தரவேண்டிய 8 லட்சத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னோம். சாவி வாங்கும் நாளில் 2,50,000 கட்டினால் போதும். பில்டருக்கு இதில் உடனே வெளியே போகும் பணம் இல்லை, அதனால் பேச உட்காருவார். இப்படிக் கழிக்கும்போது வங்கிக்குத் தெரிவிப்பது அவசியம். கடைசித் தவணையை வங்கிதான் நேரடியாக விடுவிக்கிறது, சொல்லாவிட்டால் முழு 8 லட்சமும் போய்விடும்.

இன்னொரு நிபந்தனை, இந்தச் சலுகை 31.08.2025-க்குள் நிறைவுச் சான்றிதழோடு வீடு தந்தால் மட்டுமே. தவறினால் 5,50,000 என்ற தொகை ரத்தாகி, முழு வட்டியும் மாதாமாதம் கூடும் தொகையும் மீண்டும் உயிர்பெறும். இந்த வரி இல்லாத சமரசத்தில் வாங்கியவர் பணத்தை விட்டுக்கொடுத்து இன்னொரு வெறும் வாக்குறுதியைத்தான் வாங்கிக்கொள்கிறார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. தொகைக்குச் சம்மதம், ஆனால் "இன்டீரியர் வேலைக்கு இப்போதே சாவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். அதில் சிறிய எழுத்தில் "ஃபிளாட்டை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. கையெழுத்திட்டிருந்தால் தாமதக் கணக்கு அன்றே நின்றுவிட்டது என்று வாதிட்டிருப்பார்கள். அதைத் திருப்பி அனுப்பினோம்.

முத்திரைத் தாளில் துணை ஒப்பந்தம் தயாரானபோது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரியை அவர்கள் கேட்டார்கள். அதை மறுக்கவில்லை, சுருக்கினோம்: "31.08.2025 வரையிலான ஒப்படைப்புத் தாமதத்துக்கான வட்டியைப் பொறுத்தவரை மட்டும்." கட்டமைப்புக் குறைகள் வந்தால் 5 ஆண்டுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும் என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உரிமை அப்படியே நிற்கும் என்று அடுத்த வரியில் சேர்த்தோம். கடனுக்குச் சேர்ந்து விண்ணப்பித்திருந்த கணவரும் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நிறைவுச் சான்றிதழின் நகலோடு சாவி வந்தது.