94 என்ற எண் காட்டிய பழுது

எங்கள் வீட்டில் நொடிக்கு 300 மெகாபிட் திட்டம். ரவுட்டரிலிருந்து கேபிள் செருகிய மடிக்கணினியில் வேகச் சோதனை நடத்தியபோது 94 வந்தது. பக்கத்திலேயே வைஃபையில் இருந்த கைபேசி 230 காட்டியது. அதையே படுக்கையறைக்குக் கொண்டுபோனால் 38. மூன்றுமே சரியான அளவீடுகள்தான். கருவிக்கும் சோதனை சர்வருக்கும் இடையே உள்ள பாதையில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த இடத்தின் அளவைத்தான் சோதனை சொல்கிறது.

கேபிளில் அல்லவா வேகம் கூடுதலாக வர வேண்டும்? 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குக் கேபிள் மீது சந்தேகம் வந்துவிட்டது. ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1,000 மெகாபிட் போக நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி முனையில் சரியாகப் பிடிக்காவிட்டால், பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த 100லும் முழுதாக நமக்குக் கிடைக்காது. தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகிறது. முழு அளவுள்ள ஒவ்வொரு பொதியும் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. நம் தரவு அதில் 1,460 பைட்தான், மீதி முகவரிகளுக்கும் இடைவெளிக்கும் போகிறது. ஆகவே உச்சமே 95க்குள். விண்டோஸ் பவர்ஷெல்லில் இதைப் பார்க்கலாம்:

```
Get-NetAdapter
```

`LinkSpeed` என்ற பத்தியில் `100 Mbps` என்றிருந்தது. கேபிளை மாற்றியதும் `1 Gbps` ஆனது. சோதனையில் 290 வந்தது.

வைஃபையின் குறுகல் வேறு வகை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்புவது, வந்து சேர்ந்தது என்று பதில் சொல்வது, பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அதே காற்றில்தான் நடக்கின்றன. படுக்கையறையில் கைபேசி வேகமான 5 கிகாஹெர்ட்ஸை விட்டு, தூரம் எட்டினாலும் நெரிசல் மிகுந்த 2.4க்குத் தாவியிருந்தது. அமைப்புகளில் இணைப்பு வேகம் 144 மெகாபிட் என்று காட்டினாலும், நெரிசலில் அதில் பாதிகூடத் தேறவில்லை.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு கருவிகளிலும் ஒரே சோதனைத் தளத்தைத் திறந்து, சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் ஒரே சர்வரை நாமே குறிக்க வேண்டும். கைபேசியில் மொபைல் டேட்டாவையும், இரண்டிலும் விபிஎன்னையும் அணைத்துவிட வேண்டும். கேபிளில் சோதிக்கும்போது மடிக்கணினியின் வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக்கூடாது. ஐந்து முறை சோதித்து, முடிவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பலரும் விட்டுவிடும் ஒரு படி இருக்கிறது: கேபிளைக் கழற்றிவிட்டு, கைபேசி இருந்த அதே இடத்தில் மடிக்கணினியை வைஃபையில் சோதிப்பது. படுக்கையறையில் அது 41 காட்டியது. கைபேசியின் 38க்கு மிக அருகில். கைபேசியில் கோளாறில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. டிவிக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை நடைவழிக்கு மாற்றினேன். கைபேசி மீண்டும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வந்து, படுக்கையறையில் 160 காட்டியது.