தொலைபேசியில் பேசியவர் ஒருவர், விலைமனுவைப் படிப்பவர் இன்னொருவர்

யாழ்ப்பாணத்தில் சிறு தொழில் நடத்துவோரின் கணக்குகளையும் கடிதங்களையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அலுமினியப் பட்டறை வைத்திருப்பவர், வயரிங் வேலை செய்பவர், வைபவங்களுக்குச் சாப்பாடு ஓடர் எடுப்பவர் எனப் பலர் தாம் அனுப்பிய விலைமனு மின்னஞ்சல்களை என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் வேலை கைநழுவிப் போன பிறகு, "விலை கூடிப்போச்சோ?" என்ற கேள்வியுடன்தான் காட்டுவார்கள். சில வேளைகளில் விலை உண்மையிலேயே கூடியிருக்கும். ஆனால் நான் அடிக்கடி காணும் குறை வேறு. தொலைபேசியில் பேசிய ஆளை மட்டும் மனதில் வைத்து அந்த மின்னஞ்சல் எழுதப்பட்டிருக்கும். முடிவெடுப்பவரோ, எழுதியவரின் குரலையே கேட்டிராத ஒருவராக இருப்பார்.

எமது ஊரில் இது சாதாரணமாக நடப்பது. வீடு கோண்டாவிலில் இருக்கும். பேசியவர் ரொறன்ரோவில் இருக்கும் மகள். அவர் அந்த மின்னஞ்சலை இலண்டனில் உள்ள தமையனுக்கு அனுப்புவார். அவர் அதை வேறு இரண்டு விலைமனுக்களுடன் பக்கத்தில் வைத்து, தொலைபேசித் திரையில் படிப்பார். அவருக்கு உங்கள் சிரிப்பும் தெரியாது, வேலையின் நேர்த்தியும் தெரியாது. எழுத்தில் உள்ளது மட்டும்தான் அவருக்கு நீங்கள்.

கோண்டாவில் வீடொன்றுக்கு எட்டு அலுமினிய யன்னல்கள் போடுவதற்காகப் பட்டறை உரிமையாளர் ஒருவர் எழுதியதைப் பாருங்கள். தொகைகளையும் அடையாளங்களையும் மாற்றித் தந்திருக்கிறேன். "அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். யன்னல் வேலைக்குச் சுமார் நாலு இலட்சம் வரும் என்று நினைக்கிறோம். கூடவென்றால் சொல்லுங்கோ, பார்த்துக் குறைக்கலாம். எங்களுக்கு இந்த வேலையைத் தந்து உதவுங்கோ."

பேசியவருக்கு இதில் பணிவு தெரியும். தமையனுக்கோ மூன்று சந்தேகங்கள் எழும். "சுமார்" என்றால் அளந்தார்களா, இல்லையா? கேட்டவுடன் குறைக்க முடியுமென்றால் முதலில் சொன்ன விலை எப்படிப்பட்டது? கெஞ்சிக் கேட்பவர்களிடம் வேறு வேலைகள் இல்லையா? உண்மையில் அந்த உரிமையாளர் நேரில் சென்று ஒவ்வொரு யன்னலையும் அளந்திருந்தார். அதை எழுதத்தான் மறந்துவிட்டார். "அக்கா" என்ற அழைப்பும் தொலைபேசியில் அழகுதான். ஆனால் தமையனின் கைக்குப் போகும் கடிதத்தில் அது பொருந்தாமல் நிற்கும். "வணக்கம்" என்று தொடங்கி, "நீங்கள்", "உங்கள்" என்று எழுதினால் யார் படித்தாலும் மரியாதை குறையாது.

அதே வேலைக்கு நாங்கள் திருத்தி எழுதியது பின்வருமாறு. பொருள் வரியில் "கோண்டாவில் வீடு: 8 அலுமினிய யன்னல்கள், விலைமனு" என்று இட்டோம்.

"வணக்கம். சனிக்கிழமை வீட்டைப் பார்க்க ஒழுங்கு செய்து தந்தமைக்கு நன்றி. எட்டு யன்னல்களையும் நேரில் அளந்துவிட்டோம். அம்மாவின் அறை யன்னலில் பின்னேர வெயில் நேராக அடிப்பதால், அதற்கு மட்டும் நிறக் கண்ணாடி போடுவதாகக் கணக்கிட்டிருக்கிறோம்.

மொத்த விலை 394,400 ரூபாய். இதில் 128 சதுர அடி இழுவை யன்னல்களுக்கு 358,400 ரூபாயும், எட்டு நுளம்பு வலைச் சட்டங்களுக்கு 36,000 ரூபாயும் அடங்கும். பழைய மரச்சட்டங்களைக் கழற்றுவதும் பொருத்துகூலியும் இந்த விலைக்குள்தான். வற் வரி மேலதிகமாகச் சேராது.

சட்டங்களைக் கழற்றும்போது சுவர்ப் பூச்சு உதிர்ந்தால், திருத்துவதற்கு யன்னல் ஒன்றுக்கு 3,500 ரூபாய் ஆகும். படம் அனுப்பி, உங்கள் சம்மதம் கிடைத்த பிறகே அதைச் செய்வோம்.

முற்பணம் 50 வீதம். மிகுதி வேலை முடிந்த பின். முற்பணம் கிடைத்து 15 வேலை நாட்களில் முடித்துத் தருவோம். இந்த விலை இன்றிலிருந்து 14 நாட்களுக்குச் செல்லும். உங்களுக்குச் சம்மதமென்றால் இதற்குப் பதில் எழுதுங்கள். வங்கி விபரத்தையும் தொடங்கும் திகதியையும் அனுப்பிவைக்கிறோம்."

இதில் நட்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அம்மாவின் அறையைப் பற்றிய அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. இனிமையான அடைமொழிகள் எதுவும் இல்லாமலே, வீட்டுக்குப் போனவர் கவனித்துப் பார்த்தார் என்பதை அது காட்டிவிடுகிறது. இத்தகைய வசனம் ஒன்று போதும். இரண்டு மூன்று சேர்ந்தால் முகத்துதியாகிவிடும்.

உறுதி, விலைக்குப் பக்கத்தில் "சுமார்" இல்லாததால் மட்டும் வந்ததல்ல. சுவர்ப் பூச்சு உதிருமா என்பது கழற்றும் வரை எவருக்கும் தெரியாது, கறையான் அரித்த சட்டமாக இருந்தால் இன்னும் தெரியாது. அந்தத் தெரியாமையை மொத்த விலையின் மேல் பரப்பாமல், ஓர் இடத்தில் ஒதுக்கி அதற்கும் ஒரு விலை போட்டதால்தான் மிகுதி விலையை ஐயமின்றிச் சொல்ல முடிந்தது. ஆனால் அளவெடுக்காத வேலைக்கு இப்படி எழுதக்கூடாது. அப்போது "அளவெடுத்த பின் உறுதியான விலை தருவோம்" என்று சொல்லி, பார்வையிடும் நாளைக் குறிப்பதே நேர்மையானது.

வற் பற்றிய வசனத்தை உள்ளூர் வாடிக்கையாளருக்கு எழுதும்போது பலர் விட்டுவிடுவார்கள். ஒன்ராறியோவில் வசிப்பவர் 13 வீத விற்பனை வரி பின்னர் சேர்வதைப் பார்த்துப் பழகியவர். இங்கும் ஏதாவது கூடுமோ என்று யோசிப்பார். வற் வரிக்குப் பதிவு செய்யாத தொழில் அந்த வரியை அறவிட முடியாது. பதிவு செய்திருந்தால், 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 18 வீதத்தைத் தனியாகக் காட்டி, மொத்தத்தையும் எழுதிவிட வேண்டும்.

முற்பணத்தையும் கால எல்லையையும் கேட்கக் கூச்சப்படுபவர்கள் அதிகம். வாடிக்கையாளர் காரணம் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்: அளவுக்கு வெட்டிய கண்ணாடி வேறொரு வீட்டுக்கு உதவாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியபோது, திகதி போடாத விலைமனுக்களால் கைக்காசு போட்டு வேலை முடித்துக் கொடுத்தவர்கள் உண்டு.

விலையைக் குறைக்கச் சொல்லிப் பதில் வந்தால், வேலையில் ஒன்றைக் கழித்துத்தான் விலையைக் குறைக்க வேண்டும். "முன்பக்க இரண்டு யன்னல்களுக்கும் நுளம்பு வலை வேண்டாமென்றால் 9,000 ரூபாய் குறையும்" என்று எழுதினால் முதலில் சொன்ன விலைக்குப் பங்கம் வராது. ஒன்றையும் கழிக்காமல் முப்பதாயிரம் குறைத்தால், அடுத்த தடவையும் அதே குடும்பம் முப்பதாயிரத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கும்.

பதிலே வராவிட்டால் ஐந்தாம் நாளளவில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்காமல், "தமையனாருக்கு ஏதும் விளக்கம் தேவையென்றால் மாலை 6.30க்கு உங்களை அழைக்கிறேன்; ரொறன்ரோவில் அப்போது காலை 9 மணி" என்பது போல எழுதுங்கள். இது கோடைகால நேரம். குளிர்காலத்தில் அங்கே காலை 8 மணியாக இருக்கும். அடுத்த நினைவூட்டலை, விலை காலாவதியாவதற்கு இரண்டு நாள் முன்னர், திகதியை மட்டும் குறிப்பிட்டு ஒரே வரியில் அனுப்பி நிறுத்திக்கொள்ளலாம்.