வாய் மட்டும்தான் மாற வேண்டும்: ஸ்டாப் மோஷனில் மாற்று முகங்கள்

பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு பிரேமாகப் படமெடுப்பதுதான் ஸ்டாப் மோஷன். அதில் பொம்மை பேச, வெவ்வேறு வாயோடு செய்த முகங்களை மாற்றி மாற்றி மாட்டுவோம். அப்படிப் பேசும்போது முகம் நடுங்குகிறது என்றால், பெரும்பாலும் குறை வாயில் இருக்காது. வாயை மாற்றும்போது கூடவே கன்னமோ தாடை ஓரமோ நிறமோ நூலளவு மாறியிருக்கும். நொடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு பிரேம் எடுக்கிறோம் என்றாலும் ஒரு நொடியில் 12 முறை வரை முகத்தைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். கையில் பார்க்கும்போது தெரியாத அரை மில்லிமீட்டர் வித்தியாசம் திரையில் துடிப்பாகத் தெரியும். ஆகவே மாற்று முகம் செய்வதில் உழைப்பின் பெரும்பகுதி வாயை வடிப்பதில் இல்லை. மாறக் கூடாததை மாறாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

முதலில் முகத்தை எங்கே பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 1993இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தில் ஜாக் என்ற பாத்திரத்துக்கு முழுத் தலையையே மாற்றினார்கள். சாலி என்ற பாத்திரத்துக்கு நீளமான கூந்தல். தலையைக் கழற்றினால் முடி கலைந்துவிடும் என்பதால் முன்முகத்தை மட்டும் முகமூடிபோல மாற்றினார்கள். 2009இல் ‘கோரலைன்’ முகத்தையே இரண்டாகப் பிரித்தது: புருவமும் நெற்றியும் மேல்துண்டு, வாயும் கன்னமும் கீழ்த்துண்டு. அதன் கணக்கு எளிது. 9 வாய், 5 புருவம் வேண்டுமென்றால் முழு முகமாகச் செய்ய 45 துண்டுகள் தேவை; பிரித்துச் செய்தால் 14 போதும். பதிலுக்கு, கண்ணை ஒட்டி ஓடும் இணைப்புக் கோட்டை ஒவ்வொரு பிரேமிலும் கணினியில் அழிக்க வேண்டும். அழிக்க ஆளில்லாத சிறு குழு என்றால் கோட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்கு அடியிலோ, மீசைக்கு அடியிலோ, கன்ன மடிப்பிலோ மறைக்கும்படி பாத்திரத்தையே வடிவமைப்பது நல்லது.

3டி பிரிண்டர் இல்லாமல், சுட்டால் இறுகும் களிமண்ணான பாலிமர் கிளேயில் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வாயையும் தனித்தனியாக உருண்டை பிடித்துச் செதுக்கினால் ஒன்பது வெவ்வேறு ஆள்கள்தான் வருவார்கள். சும்மா இருக்கும் முகம் ஒன்றை முழுதாக முடித்து, அதற்குச் சிலிக்கான் அச்சு எடுங்கள். அச்சில் களிமண்ணை அழுத்தி, அப்படியே ஃப்ரீஸரில் கால் மணி நேரம் வைத்து, விறைத்த பிறகு எடுத்தால் வடிவம் இழுபடாது. ஒவ்வொரு பிரதியிலும் உதட்டைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் திருத்துங்கள். ‘ஆ’வுக்கு மட்டும் தாடையும் இறங்க வேண்டும். தாடை அசையாமல் வாய் மட்டும் திறந்தால் முகத்தில் துளை போட்டதுபோல இருக்கும். அதற்காகக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

சுடும்போது பின்புறம் வளையாமலிருக்க, தலையின் முன்பக்க வடிவத்திலேயே பிளாஸ்டர் தாங்கி ஒன்று வார்த்து அதன்மேல் வைத்துச் சுடுங்கள். பல பாலிமர் கிளேக்களுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. கனத்துக்கு 15 நிமிடம் என்பது கணக்கு. உங்கள் பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. கனம் சீராக இல்லையென்றால் மெல்லிய ஓரம் பழுப்பேறும்.

காந்தத்தைச் சுட்ட பிறகுதான் பதிக்க வேண்டும். சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் வலு இழக்கும். ஒரே காந்தம் வைத்தால் முகம் அதைச் சுற்றித் திரும்பும். இரண்டு காந்தமும் நடுவில் ஒரு சிறு முளையும் இருந்தால் அசையாது. இடது காந்தத்தில் வடதுருவமும் வலது காந்தத்தில் தென்துருவமும் வெளியே பார்க்க வைத்தால் முகத்தைத் தவறான பக்கம் மாட்டவும் முடியாது. எல்லா முகத்திலும் காந்தம் ஒரே இடத்தில் உட்கார ஒரு வழி இருக்கிறது. தலையிலுள்ள காந்தங்களை மெல்லிய டேப்பால் மூடி, முகத்துக்கான காந்தங்களை அதன்மேல் ஒட்டவிட்டு, முகத்தின் குழிகளில் எபாக்ஸி வைத்து அழுத்துங்கள். இடம் தானாகவே பொருந்தும். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும்.

காந்தம் வலுவாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கெடுதல்தான். முகத்தைப் பிடுங்கும் வேகத்தில் கழுத்து மூட்டு அசைந்துவிட்டால் அந்த ஷாட்டே போயிற்று. ஒரு கையால் பின்தலையைப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நெம்பிக் கழற்ற வேண்டும். நேராக இழுக்கக் கூடாது.

வண்ணத்தை ஒரே தடவையில் கலந்து எல்லா முகத்துக்கும் ஒரே அமர்வில் பூசுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் கருக்கும். மறுநாள் கண்ணளவில் கலந்த நிறம் முந்தைய நாள் நிறத்தோடு சேராது. கை எண்ணெய் பட்ட இடம் விளக்கில் மின்னும் என்பதால் முகங்களை விளிம்பில் மட்டும் தொடுங்கள்.

படப்பிடிப்புக்கு முன் ஒரு சோதனை கட்டாயம். பொம்மையையும் கேமராவையும் அசைக்காமல் எல்லா வாயையும் மாட்டி, தலா ஒரு பிரேம் எடுத்து, சுழற்சியில் ஓடவிடுங்கள். வாயை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள். தாடையை இறக்கிச் செய்த ‘ஆ’வை விட்டுவிட்டு மற்றவற்றில் மிச்ச முகம் துள்ளினால் அந்தத் துண்டு திருத்தத்துக்குப் போக வேண்டும்.

இனி வாய் வரிசை. இணையத்தில் கிடைக்கும் வாய் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. தமிழ் வசனத்துக்கு இந்த ஒன்பது போதும்: தளர்ந்து மூடியது, அழுத்தி மூடியது (ப, ம), அரைத் திறப்பு (அ), முழுத் திறப்பு (ஆ), விரிந்தது (இ, எ), ஓ, ஊ, கீழுதடு பல்லைத் தொடும் வ, நாக்கு நுனி தெரியும் த, ந, ல. ழ, ள, ட, ண எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பவை. அரைத் திறப்பே போதும்.

‘அப்பா, வா’ என்று ஒரு குழந்தை கூப்பிடுகிறது. ஒலித்தடத்தை அளந்து பார்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்: அரைத் திறப்பு 2 பிரேம், அழுத்தி மூடியது 4, முழுத் திறப்பு 6, வ 2, முழுத் திறப்பு 8, அரைத் திறப்பு 2, பிறகு தளர்ந்த வாய். புதியவர்கள் தவறுவது அந்த 4 பிரேமில்தான். ‘ப்ப’ ஒலிக்கும்போது அலைவடிவம் தட்டையாக இருக்கும். அதை மௌனம் என்று எண்ணித் தளர்ந்த வாயை வைத்துவிடுவார்கள். உண்மையில் உதடு அதிகம் இறுகும் நேரம் அதுதான்; அங்கே அழுத்தம் இல்லாவிட்டால் அடுத்த ‘ஆ’ எடுபடாது. வரிசை முழுவதையும் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னால் தள்ளியும் பாருங்கள். வாய் ஒலியைவிடச் சற்று முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்தினால் பொறுக்காது. ‘இங்க’ என்ற சொல்லில் ‘ங்’குக்குத் தனி வாய் தேட வேண்டாம். எழுத்துக்கு ஒரு வாய் வைத்தால் பேச்சு மென்றுகொண்டிருப்பதாகத் தெரியும்.

கண்ணில் மாறுவது இமை மட்டும்தான். விழிக்கு ஒரு உருண்டை மணி. கண்பாப்பாவின் நடுவில் ஊசி நுழையும் துளை போட்டு அதைக் கொண்டே திருப்பலாம். திறந்தது, பாதி, மூடியது என மூன்று இமை ஜோடிகள் இருந்தால் இமைப்பு வந்துவிடும்: பாதி 2 பிரேம், மூடியது 2, பாதி 2. பாதி இமையின் ஓரம் பாப்பாவைத் தொட்டு வெட்ட வேண்டும். அதற்கு மேலேயே நின்றால் இமைப்பு சொடுக்குப் போட்டதுபோல இருக்கும். பார்வையை இடமிருந்து வலம் திருப்புவதென்றால், இமை மூடிய அந்த 2 பிரேமில் விழியைத் திருப்பிவிட்டு, தலையை அதற்குப் பிறகு நகர்த்துங்கள்.