இரவு பன்னிரண்டே காலுக்கு எழுப்புவது எது?

முக்கூடலில் அண்ணன் வீட்டில் இருந்து ஒரு நாள் நடு ராத்திரியில் போன் வந்தது. மதினிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்கிறாள் என்றான் அண்ணன். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈசிஜி, சர்க்கரை, அப்புறம் தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. பீடி சுற்ற வரும் பக்கத்து வீட்டு அக்கா, "இது அமுக்கான் வேலை" என்று சொல்லி ஒரு கறுப்புக் கயிறு வாங்கிக் கொடுத்தார்.

நான் பாளையங்கோட்டையில் தூக்கப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மதினியிடம் நான் முதலில் கேட்டது நெஞ்சைப் பற்றி இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு முழிச்சீங்க என்றுதான் கேட்டேன். காரணம் இருக்கிறது. எது எழுப்பினாலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். கெட்ட கனவு, மூச்சடைப்பு, பீதி ஆகிய மூன்றிலும் உடம்பு இரத்தத்தில் கலக்குவது அதே அட்ரினலினைத்தான். அதனால் எழுப்பியது எது என்று இதயத் துடிப்பை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. முழிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும்.

"பத்தரைக்குப் படுத்தேன் தம்பி, பன்னெண்டே காலுக்கு முழிச்சேன்" என்றார். அடுத்த முறையும் ஏறக்குறைய அதே நேரம். கனவு ஏதாவது கண்டீர்களா என்றேன். "ஒண்ணும் காணல. எதுக்குப் பயந்தேன்னே தெரியல, ஆனா பயம் மட்டும் இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவு நிறைந்த தூக்கம் பெரும்பாலும் பின்னிரவில், விடியலை ஒட்டி வரும். ஆகவே கெட்ட கனவில் அலறி எழுகிறவர்கள் அதிகமும் மூன்று, நான்கு மணிக்கு எழுவார்கள். அவர்களிடம் கேட்டால் கதையே சொல்வார்கள்: ஆற்றில் வெள்ளம் வந்தது, பிள்ளையின் கை நழுவியது என்று. கனவுதான் என்று தெரிந்ததும் பயம் இறங்கிவிடும். இரவுப் பீதி அப்படி இல்லை. தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், லேசான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாக மாறும் கட்டத்தில், கதை எதுவும் இல்லாமல் வருகிறது. ஆள் முழுதாக விழித்துவிடுவார். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கும். ஆனால் மறுபடி தூக்கம் வர வெகு நேரமாகும். மறுநாள் காலையில் எல்லாம் நினைவிருக்கும்.

அமுக்கான் என்று நம் ஊரில் சொல்வது இதுவும் இல்லை. அதில் கண் விழித்திருக்கும், கை கால் அசையாது. கனவுத் தூக்கத்தில் தசைகள் கட்டப்பட்டிருக்கும் நிலை, விழிப்புக்குள்ளும் சில நொடிகளோ சில நிமிடங்களோ நீடிப்பதால் வருவது அது. மதினியோ எழுந்து ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்திருக்கிறார்.

கனவே இல்லாமல், கவலைப்பட மனமே விழித்திராத நேரத்தில் பயம் எங்கிருந்து வருகிறது? தூங்கும்போது நாம் சற்றுக் குறைவாக மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறும். பெரும்பாலோரின் மூளை இதைப் பொருட்படுத்துவதில்லை. சிலருடைய மூளைத்தண்டு மட்டும் இதை மூச்சுத் திணறல் என்று தவறாகப் படித்து அபாய மணி அடித்துவிடுகிறது என்று டொனால்டு க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இன்னும் இது முழுதாக நிறுவப்படவில்லை. ஆனால் 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. மூளையில் பயத்தின் மையம் என்று சொல்லப்படும் அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன மூன்று பேரை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூவரும் பீதியில் துடித்தார்கள். அவர்களில் ஒருவர், பாம்பைக் கண்டால்கூடப் பயப்படாதவர் என்று ஆய்வாளர்களிடையே பெயர் பெற்ற பெண். ஆக, உடம்புக்குள்ளிருந்து எழும் மூச்சுப் பயத்துக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. மதினியிடம் இதை விளக்கியபோது, "அப்போ நான் கோழை இல்லல்லா" என்றார். அவரை உறுத்திக்கொண்டிருந்தது அதுதான்.

இனி மூச்சடைப்பு. அதே வீட்டில், பட்டாசலில் படுக்கிற மதினியின் அப்பாதான் இதற்கு உதாரணம். மாமாவும் ராத்திரியில் நெஞ்சடித்து எழுகிறார், ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தலைமாட்டில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னேன். குறட்டை ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று அமைதி. இருபது, இருபத்தைந்து நொடி ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தொண்டையைக் கிழிப்பது போல ஒரு சத்தம், மறுபடி குறட்டை. தொண்டைத் தசை தளர்ந்து காற்று வழி மூடிக்கொள்கிறது. நெஞ்சுக்கூடு இழுத்துக்கொண்டே இருந்தும் காற்று போவதில்லை. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை சில நொடிகள் எழுப்பிவிடுகிறது, அப்போதுதான் இதயம் எகிறுகிறது. பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. தெரிந்து எழுந்தாலும் ஒரு நிமிடத்தில் திரும்பித் தூங்கிவிடுவார். மாமா இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், சர்க்கரை கிடையாது. மூடிய தொண்டைக்கு எதிராக இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. காலையில் வாய் வறண்டு தலை வலிக்கிறது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார்.

பரிசோதனையில் அவருக்கு மணிக்கு 34 முறை மூச்சு தடைப்பட்டது அல்லது குறைந்தது. 5-ஐத் தாண்டினாலே கோளாறுதான், 30-க்கு மேல் கடுமை. மதினிக்கும் செய்தோம், ஏனென்றால் பெண்களுக்குக் குறட்டை இல்லாமலும் இது வரலாம், பீதியோடு சேர்ந்தும் வரலாம். அவருக்கு 2 தான்.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் நடக்கும் கெடுதலை நான் பார்த்திருக்கிறேன். மூச்சடைப்பு உள்ளவர், "பயந்து பயந்து எழுறேன்" என்று சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவார். பல மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும், எழுப்பும் மணியையும் மழுக்கிவிடும். எதிர்ப்பக்கத்தில், பீதி உள்ளவர் படுக்கவே பயந்து ஒரு மணி, இரண்டு மணி வரை முழித்திருப்பார். அந்தத் தூக்கக் கடனே அடுத்த பீதிக்கு வழி திறக்கும்.

இந்த மூன்றிலும் சேராதவையும் உண்டு. அவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. படுத்ததும் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் தணிகிறது, காலும் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தம் தோளுக்கோ தாடைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வேர்த்து எழுந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி அதேபோல நின்றுவிடும் வேகத் துடிப்பு, இதயத்தின் மின் ஓட்டக் கோளாறாக இருக்கலாம். அது நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஈசிஜியில்தான் பிடிபடும், மறுநாள் எடுத்ததில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

மதினிக்கு மனநல மருத்துவர் கொடுத்தது ஒரு விசித்திரமான வீட்டுப்பாடம். பகலில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட வேண்டும். நெஞ்சு படபடக்கும், விரல் மரக்கும், தலை சுற்றும். ஓடாமல் அது தானாக அடங்கும்வரை இருக்க வேண்டும். இந்த உணர்வுகளுக்கும் சாவுக்கும் மூளை போட்டுவைத்த முடிச்சு இப்படித்தான் தளர்கிறது. முதல் நாள் அழுதார். பத்தாம் நாள், "இதுதானா அது" என்று கேட்டார். அவர் நோட்டில் எழுதி வைக்கும் கணக்கின்படி கடைசியாக வந்த முறை ஏழு நிமிடம் இருந்தது, வாசல் கதவைத் திறக்கவில்லை, ஒன்றேகாலுக்குத் தூங்கிவிட்டார். மாமா காற்று அழுத்தும் கருவியைப் போட்டுக்கொள்கிறார். பட்டாசலில் குறட்டைச் சத்தம் நின்றுவிட்டதால் பேரனுக்குத் தூக்கம் வரவில்லையாம்.