தேவை கூடியதா, தேவை அளவு கூடியதா?

ஓசூர் பக்கம் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது: "காதலர் தினத்துக்கு முன்னால் ரோஜா விலை ஏறுகிறது, விற்பனையும் ஏறுகிறது. விலை ஏறினால் தேவை குறையும் என்ற விதி அப்போது தப்பா?"

தப்பில்லை. குழப்பம் 'தேவை' என்ற சொல்லில் இருக்கிறது.

பேச்சில் தேவை என்றால் வேண்டியிருப்பது. பொருளியலில் வேண்டியிருந்தால் மட்டும் போதாது, காசு கொடுத்து வாங்கும் சக்தியும் மனசும் வேண்டும். ஆங்கிலத்தின் 'டிமாண்ட்', கேட்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் 'கேள்வி' என்றே எழுதுகின்றன. மூலத்துக்கு அதுதான் நெருக்கம். நம் சந்தைகளில் புழங்குவது 'கிராக்கி'. வடக்கிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றும் பொருள், விலை கூடிவிட்டது என்றும் பொருள். காரணமும் விளைவும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் வியாபாரம் பேச வசதி, பரீட்சை எழுதத்தான் ஆபத்து.

பாடத்தில் தேவை என்பது ஒற்றை எண் அல்ல. இந்த விலைக்கு இத்தனை, அந்த விலைக்கு அத்தனை என்ற முழுப் பட்டியல். அதை வரைந்தால் தேவைக்கோடு. அந்தப் பட்டியலில் ஒரு விலைக்கு நேரே நிற்கும் எண்தான் தேவை அளவு.

ரோஜாவையே கணக்காகப் போடுவோம். எண்கள் கற்பனை. ஜனவரியில் ஒரு கட்டு 100 ரூபாய் என்றால் 1,000 கட்டு கேட்பார்கள், 150 என்றால் 800, 200 என்றால் 600. விலை 100-லிருந்து 150 ஆனதும் 1,000 என்பது 800 ஆகிறது. பட்டியல் அதேதான், நாம் அடுத்த வரிக்குப் போயிருக்கிறோம். இது தேவைக்கோட்டின் மேலேயே நகர்வது. விலை ஏறி அளவு குறைந்தால் தேவைச் சுருக்கம், விலை இறங்கி அளவு கூடினால் தேவை விரிவு.

பிப்ரவரி வருகிறது. இப்போது 100 ரூபாய்க்கு 1,800 கட்டு கேட்கிறார்கள், 150-க்கு 1,600, 200-க்கு 1,400. ஒவ்வொரு விலைக்கும் 800 கட்டு கூடுதல், அதாவது பட்டியலே வேறு. கோடு முழுதாக வலப்பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது. இதற்குத்தான் தேவை அதிகரிப்பு என்று பெயர். இடப்பக்கம் போனால் தேவைக் குறைவு.

அப்புறம் நடப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 100 ரூபாய் விலைக்கு விவசாயிகள் தருவது 1,000 கட்டுதான், கேட்பதோ 1,800. பற்றாக்குறையில் விலை ஏறுகிறது. ஏற ஏற, தோட்டக்காரர்கள் கூடுதலாக அனுப்புகிறார்கள், வாங்குகிறவர்களில் சிலர் பின்வாங்குகிறார்கள். 200 ரூபாயில் 1,400 கட்டு வருகிறது, 1,400 கட்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800 என்பது 1,400 ஆனது எப்படி? விலை ஏறியதால் அந்த 400 கட்டு கழிந்தது. தேவை விதி பிப்ரவரியிலும் வேலை செய்கிறது, ஆனால் புதிய கோட்டின் மேல். எந்த விலைக்கு எத்தனை கட்டு விற்க வருவார்கள் என்று காட்டும் அளிப்புக்கோடு இந்தக் கணக்கில் நின்ற இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் நாம்தான் மேலே நகர்ந்தோம்.

எது நகர்வு, எது இடம்பெயர்வு என்று பிரிக்க வழி வரைபடத்திலேயே உண்டு. செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு. பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய வழக்கம் இது. அதற்கு முன் 1838-இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ விலையைக் கிடை அச்சில் போட்டிருந்தார். விலைக்கென்று ஓர் அச்சே இருப்பதால், அந்தப் பொருளின் விலை மாற்றத்தைக் காட்டக் கோட்டை அசைக்க வேண்டியதில்லை. வருமானம், ரசனை, பண்டிகை, மாற்றுப் பூக்களின் விலை, நாளைக்கு விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கு அச்சு கிடையாது. இவை மாறினால் கோடுதான் இடம்பெயர வேண்டும்.

ராயக்கோட்டைத் தக்காளி ரோஜாவுக்கு நேர் எதிர். வரத்து குவிந்து விலை சரிந்ததும் ஒரு கிலோ வாங்கியவர் இரண்டு கிலோ வாங்குகிறார். இடம்பெயர்ந்தது அளிப்புக்கோடு, தேவையில் நடந்தது வெறும் விரிவு. இங்கே 'தேவை அதிகரித்தது' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

ஆகவே விலையும் அளவும் சேர்ந்து ஏறினால் தேவைக்கோடு வலப்பக்கம் போயிருக்கிறது என்று சொல்லலாம். அளிப்பு அசையவில்லை என்று மட்டும் அதிலிருந்து சொல்ல முடியாது. பிப்ரவரி நடுவில் பூ வர வேண்டுமென்று ரோஜாத் தோட்டக்காரர்கள் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுகிறார்கள். அதனால் அளிப்புக்கோடும் அந்த வாரம் கொஞ்சம் வலப்பக்கம் வந்திருக்கும். எந்தக் கோடு எவ்வளவு இடம்பெயர்ந்தது என்பதை விலைப்பலகையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.